ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல. அவசரம், உதவி பண்ணுங்க

தறிநூல்
சிஸ்டம் ஆன் பண்ணா எல்லா ஃபேனும் சுத்துது, லைட் எரியுது. மானிட்டர்ல "No Signal". ராம் கழட்டி மாட்டிப் பாத்தாச்சு. நாளைக்கு ஜிஎஸ்டி ஃபைல் பண்ணணும். என்ன பண்ணலாம்?

மின்னல்கொடி
என்ன போர்டு, என்ன ப்ராசஸர்? கிராஃபிக்ஸ் கார்டு தனியா இருக்கா? கடைசியா எப்ப ஓடுச்சு, நடுவுல என்ன மாத்துனீங்க?

ராஜா_சிஸ்டம்ஸ்
எஸ்எம்பிஎஸ் போயிருக்கும். 450 வாட் புதுசு வாங்கி மாட்டுங்க, வேலை முடிஞ்சது.

வைகைக்கரை
எனக்கும் இதேதான் வந்துச்சு, புது டிடிஆர்5 போர்டு. நான் பாட்டுக்கு ஆஃப் பண்ணிட்டே இருந்தேன். முதல் தடவை மெமரி ட்ரெயினிங் நடக்க சில நிமிஷம் ஆகுமாம். சும்மா விட்டதும் வந்துருச்சு. நீங்களும் காத்திருந்து பாருங்க.

தறிநூல்
பி450 போர்டு, ரைசன் 5 3600, 8 ஜிபி ராம் ரெண்டு, கிராஃபிக்ஸ் கார்டு இருக்கு. நேத்து உள்ள தூசி தட்டினேன். அதுக்கு முன்னாடி நல்லா ஓடுச்சு.

பழைய_போர்டு
இதை முதல் பதிவுலயே எழுதியிருக்கணும். உதவி கேக்குறவங்க இந்த அடிப்படையைக்கூடச் சொல்றதில்ல. பதில் சொல்றவங்களும் டிடிஆர்4 போர்டுக்கு டிடிஆர்5 கதை சொல்றாங்க. அந்த 3600-ல கிராஃபிக்ஸே கிடையாது. எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டுல சொருகியிருந்தா எப்பவும் இருட்டுதான். கார்டுல சொருகுங்க.

தறிநூல்
கார்டுலதான் இருக்கு அண்ணா.

மின்னல்கொடி
தூசி தட்டினப்போ ஏதோ நகர்ந்திருக்கு. ராமைத் தொடறதுக்கு முன்னாடி பவர் கேபிளைப் பாருங்க. ஃபேன் சுத்துறதை வெச்சு ப்ராசஸருக்குக் கரண்ட் போகுதுன்னு சொல்ல முடியாது. ஃபேனுக்கான 12 வோல்ட் 24 பின் கேபிள் வழியாவே வந்துடும். ப்ராசஸருக்குத் தனியா 4+4 பின் கேபிள், போர்டோட மேல் இடது மூலையில இருக்கும். அது பாதி வெளிய இருந்தாலும் ஃபேன் எல்லாம் சுத்தும், படம் மட்டும் வராது.

சுவிட்ச் போர்டுல பிளக்கைக் கழட்டிட்டு, பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க. அப்புறம் அந்தக் கேபிளை முழுசா உருவி, கொக்கி "டக்"னு விழற வரைக்கும் திரும்ப அழுத்துங்க. கிராஃபிக்ஸ் கார்டுக்கான 6+2 பின் கேபிளும் பாக்க அதே மாதிரி இருக்கும். அதைத் தெரியாம இங்க திணிச்சுடாதீங்க, பின் அமைப்பு வேற.

அடுத்தது ராம். ரெண்டையும் எடுத்துட்டு, கேஸ் ஸ்பீக்கர் இருந்தா மாட்டி, ஆன் பண்ணுங்க. பீப் வந்தா ப்ராசஸரும் போர்டும் உயிரோட இருக்கு, முதல்ல தேட வேண்டியது ராம்லதான். பீப்பே வரலன்னா கோளாறு ராம்ல இல்ல, பவர், ப்ராசஸர், போர்டுன்னு பாக்கணும். அப்புறம் ஒரே ஒரு ராமை ப்ராசஸர்ல இருந்து எண்ணி ரெண்டாவது ஸ்லாட்ல வெச்சுப் பாருங்க. சில போர்டுல ஒரு பக்கம்தான் கொக்கி இருக்கும். அங்க கொக்கி இல்லாத பக்கம் உட்காராமலே உட்கார்ந்த மாதிரி தெரியும், ரெண்டு முனையையும் தனித்தனியா அழுத்தணும்.

ராஜா_சிஸ்டம்ஸ்
ராம் கோல்டு பின்னை ரப்பர் வெச்சுத் தேயுங்க. கடையில தினமும் அதான் பண்றோம்.

பழைய_போர்டு
தேய்க்காதீங்க. அந்தத் தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு, தேய்க்கத் தேய்க்க போயிடும். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள்ள விழுந்தா புதுப் பிரச்சினை. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் துணியில தொட்டுத் துடைச்சா போதும்.

ராஜா_சிஸ்டம்ஸ்
வெள்ளை ரப்பரால லேசா ரெண்டு இழுப்பு, துகளைத் தட்டிட்டு மாட்டணும். ஊருக்குள்ள எத்தனை பேர் வீட்டுல ஆல்கஹால் வெச்சிருக்காங்க?

பழைய_போர்டு
மெடிக்கல்ல கிடைக்கும்.

வைகைக்கரை
மெடிக்கல்ல கிடைக்கறது பெரும்பாலும் 70 சதவீதம், மிச்சம் தண்ணி. முழுசா காயற வரைக்கும் விட்டு மாட்டணும்.

தறிநூல்
ஸ்பீக்கர் மாட்டினேன், ராம் இல்லாம பீப் வரல. மேல இருந்த 4+4-ல ஒரு நாலு பின் தூக்கிட்டு இருந்துச்சு. அழுத்தினதும் பீப் வந்துச்சு! ஒரு ராம்ல விண்டோஸ் வந்துருச்சு. ஆனா இன்னொண்ணை நாலாவது ஸ்லாட்ல வெச்சா திரும்ப இருட்டு.

மின்னல்கொடி
இப்போதைக்கு ஒரு ராம்லயே ஜிஎஸ்டி வேலையை முடிங்க. அப்புறம் அந்த ரெண்டாவது ராமைத் தனியா ரெண்டாவது ஸ்லாட்ல வெச்சுப் பாருங்க. ஓடலன்னா ராம் கோளாறு. ஓடினா சந்தேகம் நாலாவது ஸ்லாட் மேலயோ ப்ராசஸர் பின் மேலயோ. தூசி தட்டினப்போ கூலரையும் கழட்டினீங்களா? இந்த வகை ப்ராசஸர்ல பின் அடியில இருக்கும். பேஸ்ட் காய்ஞ்சிருந்தா கூலரை இழுக்கும்போது ப்ராசஸரும் கூடவே வந்து பின் வளைஞ்சிடும்.

வைகைக்கரை
தறிநூல், கூலர் கழட்டினீங்களா இல்லையா? எனக்கும் தெரிஞ்சுக்கணும்.