x = 3 sin θ: இந்த முறைக்குத் தமிழில் என்ன பெயர்?

கயல்விழி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் முதலாமாண்டு மாணவர்களுக்காக ஒரு பயிற்சிக் கையேடு தயாரிக்கிறோம். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பழைய ஆங்கிலக் குறிப்பேடு ஒன்றைத்தான் மொழிபெயர்க்கிறோம். சிக்கலான பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து இணைத்திருக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் எடுத்ததால் நடுவில் நிழல் விழுந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கு இதுதான்:

```
∫ √(9 − x²) dx,  0 முதல் 3/2 வரை
```

x = 3 sin θ என்று வைத்தால் உள்ளே இருப்பது 9 cos² θ ஆகி, வர்க்கமூலம் கழன்றுவிடும். இந்த உத்திக்கு அந்தக் குறிப்பேட்டில் தனிப்பெயர் உண்டு. நம் பள்ளிப் பாடநூலில் பொதுவாகப் 'பிரதியிடல் முறை' என்று மட்டும் இருக்கிறது. நான் 'முக்கோணவியல் சார்புகளைக் கொண்டு பிரதியிடல்' என்று எழுதிவைத்தேன். தலைப்பே ஒரு வரியை அடைத்துக்கொள்கிறது. வகுப்பில் வாயால் சொல்லக்கூடிய ஒரு சொல் வேண்டும்.

இளவழகன்:

முதலில் 'பிரதி'யை விட்டுத் தொலையுங்கள் அம்மா. 'இடு' என்ற வினை நம்மிடம் இருக்கிறது. கெடு கேடு ஆவது போல, சுடு சூடு ஆவது போல, இடு ஈடு ஆகும். முதனிலை திரிந்த தொழிற்பெயர். தொகையீடு, வகையீடு எல்லாம் இப்படி வந்தவைதானே? எனவே மாற்றீடு. இதற்கு முன்னால் என்ன அடை வேண்டும் என்பதே கேள்வி.

என் விடை: நாண். சைன் என்ற சொல்லின் கதையைப் பாருங்கள். ஆரியபட்டர் காலத்தில், அதாவது 499இல், அது 'அர்த்த ஜ்யா'. ஜ்யா என்றால் வில்லின் நாண். அது அரபிக்குப் போய் ஜீபா ஆயிற்று. அரபியில் உயிர்க்குறி இல்லாமல் எழுதுவதால் அதையே 'ஜைப்' என்று படித்தார்கள், ஆடையின் மடிப்பு என்று பொருள். 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் ஆக்கியவர்கள் அந்த மடிப்பையே 'சைனஸ்' என்று மொழிபெயர்த்தார்கள். ஒரு வில்லின் நாண் சட்டை மடிப்பாக மாறிய கதை இது. வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டை நம் பாடநூல் இன்றும் நாண் என்றே சொல்கிறது. ஆகவே சைன் என்பது அரைநாண். இந்த முறை நாண்மாற்றீடு.

சுமதி:

மன்னிக்கவும், கணக்கே எனக்குப் புரியவில்லை. படத்தில் வர்க்கமூலக் கோடு 9க்கு மேல் மட்டும்தானே இருக்கிறது? √9 என்றால் 3. அப்புறம் 3 − x²ஐத் தொகையிட எதற்குக் கோணம்? நேரே போட்டால் 4.5 − 1.125, அதாவது 3.375. என் மகன் பிளஸ் டூ படிக்கிறான், அவனும் இதே விடைதான் சொன்னான்.

கயல்விழி:

சுமதி அக்கா, அது நிழல் செய்த வேலை. மூலப் பக்கத்தில் கோடு x² முடியும் வரை போகிறது, மடிப்பில் அச்சு தேய்ந்திருக்கிறது. கையேட்டில் அடைப்புக்குறி போட்டுவிடுகிறேன்.

ஆனால் நீங்கள் சொன்னதும் இன்னொன்று உறைத்தது. கரும்பலகையில் எழுதாமல் வாயால் சொல்லும்போது '9 கழித்தல் x² இன் வர்க்கமூலம்' என்கிறேன். இதை 9இலிருந்து √(x²)ஐக் கழிப்பதாகவும் கேட்கலாம். இனி '9இல் x² போக மீதியின் வர்க்கமூலம்' என்றே சொல்லப்போகிறேன்.

சிவநாதன், யாழ்ப்பாணம்:

கயல்விழிக்கு, எங்கள் பக்கம் உயர்தரத்தில் 'பிரதியீடு' என்றுதான் நெடுங்காலமாகப் படிப்பிக்கிறோம். முக்கோணவியல் என்பதற்குத் திரிகோணகணிதம் என்போம். அவ்வகையில் 'திரிகோணப் பிரதியீடு' எங்கள் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். ஆனால் பெயரைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தபின் பெயரை முடிவுசெய்யலாம்.

சாதாரணப் பிரதியீட்டில் உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஒரு கோவைக்கு எழுத்து வைக்கிறோம். x√(9 − x²) என்று இருந்திருந்தால் u = 9 − x² போதும். வெளியே நிற்கும் x, du = −2x dx என்பதில் கரைந்துவிடும். இங்கே அந்த x இல்லை. u வைத்துப் பார்த்தால் dxஐ மாற்றும்போது கீழே இன்னொரு வர்க்கமூலம் முளைக்கும். அதனால் திசையைத் திருப்புகிறோம். பெரியதைச் சுருக்காமல் தனியாக நிற்கும் xஐ எடுத்து 3 sin θ என்று விரிக்கிறோம். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். 'இருப்பதை எளிதாக்கத்தானே பிரதியீடு, இவர் ஏன் சிக்கலாக்குகிறார்?' என்று கேட்பார்கள். பெயர் அந்தத் திசையைக் காட்டினால் நல்லது.

படத்தையும் கீறிக் காட்டுங்கள். x = 3 sin θ எனில் dx = 3 cos θ dθ. x 0 ஆகும்போது θ 0, x 3/2 ஆகும்போது θ = π/6.

```
9 ∫ cos² θ dθ = (9/2)[θ + sin θ cos θ],  0 முதல் π/6 வரை
             = 3π/4 + 9√3/8
```

ஏறத்தாழ 4.305. ஆரை 3 உள்ள வட்டத்தைக் கீறி, மையத்திலிருந்து x = 3/2க்கு நேர்மேலே வில்லில் இருக்கும் புள்ளிக்கு ஒரு கோடு இழுங்கள். பரப்பு இரண்டாகப் பிரியும். நிலைக்குத்து அச்சுக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையில் 30° ஆரைச்சிறை, அதன் பரப்பு 3π/4. கீழே அடி 3/2, உயரம் 3√3/2 கொண்ட செங்கோண முக்கோணம், அதன் பரப்பு 9√3/8. விடையின் இரண்டு உறுப்புகளும் அந்த இரண்டு துண்டுகள்தான். θ என்பது அங்கே உண்மையாகவே இருக்கும் கோணம்.

முருகேசன்:

மென்பொருள் மொழிபெயர்ப்பில் நாங்கள் 'பதிலீடு' என்கிறோம். எல்லோருக்கும் புரிகிறது. 'கோணப் பதிலீடு' என்று வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். அப்புறம், sin தான் போட வேண்டும் என்றில்லை, cos போட்டாலும் மூலம் போய்விடும். sin θ = 1/2 ஆக இருந்தால் போதும், எந்தக் கோணத்தை எடுத்தாலும் ஒன்றுதான். மாணவர்களை எல்லைகளைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

கயல்விழி:

cos பற்றிச் சொன்னது சரி ஐயா. x = 3 cos θ என்று வைத்தால் கோணம் கிடை அச்சிலிருந்து அளக்கப்படும், எல்லைகள் π/2இலிருந்து π/3க்குப் போகும், விடை அதேதான். ஆனால் எந்தக் கோணமும் ஒன்றில்லை. போன வருடம் என் வகுப்பில் ஒரு மாணவி sin 150°யும் 1/2 தானே என்று மேல் எல்லையை 5π/6 என்று எடுத்தாள். அவளுக்கு 15π/4 − 9√3/8, அதாவது 9.83 வந்தது. ஒவ்வொரு வரியும் சுத்தமாக எழுதியிருந்தாள். நான் பக்கத்தில் ஒரு செவ்வகம் வரைந்தேன்: அகலம் 1.5, உயரம் 3, பரப்பு 4.5. வளைவுக்குக் கீழே உள்ள இடம் முழுக்க அந்தச் செவ்வகத்துக்குள் அடங்கும்போது 9.83 எப்படி வரும்? அவளே நிறுத்திவிட்டு முதல் வரியிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.

சிவநாதன், யாழ்ப்பாணம்:

அந்தப் பிள்ளை 150° எடுத்தது பிழையல்ல. √(cos² θ) என்பதை வெறுமனே cos θ என்று எழுதியதே பிழை. அது |cos θ|. 90° தாண்டியதும் cos θ எதிர்மறையாகும். மட்டுக்குறியை வைத்துக்கொண்டு 0 முதல் 5π/6 வரை தொகையிட்டால், 90°க்குப் பிந்திய பகுதி கழிபட்டு அதே 3π/4 + 9√3/8 வரும். θவை −π/2க்கும் π/2க்கும் இடையில் வைக்கச் சொல்வது அந்தக் குறியை எழுதாமல் தப்பத்தான். கையேட்டில் இதை ஒரு வரியாகவாவது போடுங்கள்.

இளவழகன்:

முருகேசன் ஐயாவின் 'பதில்' அரபிச் சொல், உருது வழியாக வந்தது. பிரதியை விரட்டிவிட்டுப் பதிலை உட்காரவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

முருகேசன்:

தம்பி, 'பதில் சொல்லு' என்று என் பாட்டி சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது என்கிறீர்களா?

சுமதி:

நாண் என்றால் என் மகனுக்கு வெட்கம்தான் நினைவுக்கு வருகிறது. நாணுடைமை அதிகாரம் மனப்பாடப் பகுதியில் இருந்ததாம்.

இளவழகன்:

அதே அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பாருங்கள் அம்மா. 'நாண்அகத் தில்லார் இயக்கம் மரப்பாவை / நாணால் உயிர்மருட்டி அற்று.' முதல் நாண் வெட்கம், இரண்டாவது பொம்மலாட்டக் கயிறு. ஒரே குறளில் வள்ளுவர் இரண்டையும் வைக்கிறார், யாரும் குழம்பவில்லை. உங்கள் மகனும் குழம்ப மாட்டான்.

சிவநாதன், யாழ்ப்பாணம்:

குறள் அருமை. ஆனால் நாண்மாற்றீடு என்று வைத்தால் அடுத்த பக்கத்தில் இடறும். √(9 + x²) வந்தால் x = 3 tan θ, √(x² − 9) வந்தால் x = 3 sec θ. அவை அரைநாண் அல்லவே. மூன்றுக்கும் பொதுவானது கோணம். xஇன் இடத்தில் ஒரு கோணத்தைக் கொண்டுவருகிறோம், திசையும் அதிலேயே தெரிகிறது. ஆகவே 'கோணப்' என்ற அடைக்கு என் வாக்கு. பின்னால் பிரதியீடோ மாற்றீடோ, நான் வழக்குப் பேசமாட்டேன்.

இளவழகன்:

கோணமும் வடசொல்தான் ஐயா. என்றாலும் tan, sec பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை, நாணை இறக்கிவைக்கிறேன். மாற்றீட்டை விடமாட்டேன்.

கயல்விழி:

ஞாயிறு இரவு ஆகிவிட்டது. 'கோணப்' என்பதில் நான்கு பேர் ஒத்துப்போகிறோம், இளவழகன் ஐயா அரைமனதாக. பிற்பாதியில்தான் இழுபறி. முதலாமாண்டு மாணவர்கள் பள்ளியில் 'பிரதியிடல்' என்று படித்து வந்தவர்கள் என்பதால் தலைப்பு கோணப் பிரதியிடல். முதல் பத்தியில் 'கோண மாற்றீடு என்றும் சொல்லலாம்' என்று சேர்த்திருக்கிறேன். வட்டப்படமும் 4.5 செவ்வகமும் ஓரத்தில் வருகின்றன. |cos θ| பற்றிய வரியைக் கட்டத்துக்குள் போட்டிருக்கிறேன்.

இளவழகன்:

'என்றும் சொல்லலாம்' என்று போட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த பதிப்புக்கு முன் இதை மறுபடியும் எழுப்புவேன்.

சுமதி:

மகனுக்குச் செவ்வகத்தைக் காட்டினேன். 3.375உம் அதற்குள் அடங்குகிறதே, அப்போ அது தப்பு என்று எப்படித் தெரியும் என்கிறான். யாராவது சொல்லுங்கள்.

சிவநாதன், யாழ்ப்பாணம்:

கெட்டிக்காரப் பிள்ளை. கீழிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள். (0, 3)ஐயும் (3/2, 3√3/2)ஐயும் நேர்கோட்டால் இணைத்தால் கீழே ஒரு சரிவகம் கிடைக்கும். வில் அந்தக் கோட்டுக்கு மேலேதான் வளைகிறது. சரிவகத்தின் பரப்பை அவரே கணிக்கட்டும், 4.2க்குக் கிட்ட வரும்.