போட்டோ பிரேம் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவியும் பூஞ்சப் புள்ளியும், கழட்டலாமா?

தோவாளைப்பூ:
எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் வீட்ல ஹால் செவத்துல எங்க தாத்தா படம் மாட்டியிருக்கு. 1970கள்ல ஸ்டுடியோல எடுத்த பிளாக் அண்ட் ஒயிட், மேல கையால கலர் அடிச்சது, கன்னத்துல லேசா ரோஸ், வேட்டிக் கரைல பச்சை. ஐப்பசி மழை ஆரம்பிச்சதுல இருந்து காலைல பாத்தா கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி அடிச்ச மாதிரி இருக்கு, மத்தியானம் ஆனா முக்காவாசி போயிருது, அது கூட பரவால்ல, ஆனா கீழ் ஓரமா சாம்பக் கலர்ல சின்னச் சின்னப் புள்ளி வந்திருக்கு, கிட்ட போய் பாத்தா நூல் நூலா பரவுது. வெளிய எவ்ளோ தொடச்சும் பிரயோஜனம் இல்ல. பிரேம் கடைல கேட்டா கழட்டி ஸ்பிரிட் போட்டு தொடச்சுட்டு புதுக் கண்ணாடி போட்ருவோம்ங்கிறாங்க. தாத்தா திவசம் வருது, அதுக்குள்ள சரி பண்ணணும்னு அப்பா சொல்றாங்க. நானே கழட்டலாமா, கடைல குடுக்கலாமா?

டூல்பாக்ஸ்:
சிம்பிள் மேட்டர். பின்னாடி ஆணியப் புடுங்கு, கண்ணாடிய எடுத்து நல்லா கழுவு, போட்டோ மேல ஹேர் டிரையர் காட்டு, புள்ளிய ஈரத் துணில ஒத்தி எடு. திரும்ப மாட்டும்போது உள்ள ரெண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட் வச்சு சுத்தி சிலிக்கான் சீலன்ட் அடிச்சுரு, அப்புறம் காத்தே போகாது, ஜென்மத்துக்கும் பூஞ்சை வராது.

லென்ஸ்மேன்:
பூஞ்சை ஆரம்பத்துலயே புடிச்சுட்டா கோட்டிங் தப்பிச்சுரும், உடனே டிரை கேபினட்ல போடுங்க. எந்த மவுன்ட்? பின் எலிமென்ட்லயா முன்னாடியா?

தோவாளைப்பூ:
அண்ணா இது லென்ஸ் இல்ல, செவத்துல மாட்டுற படம் 😄

லென்ஸ்மேன்:
ஓ. தலைப்புல கண்ணாடி, பூஞ்சைன்னு பாத்ததும் பாஞ்சுட்டேன்.

இருட்டறை:
தம்பியோ தங்கச்சியோ, முதல்ல ஹேர் டிரையரையும் ஈரத் துணியையும் மறந்துருங்க. அந்தக் காலத்து ஸ்டுடியோ பிரின்ட்ல படம் இருக்கிறது பேப்பர் மேல பூசின ஜெலட்டின்ல. ஜெலட்டின் ஈரம் குடிச்சா ஊறி பிசுபிசுன்னு ஆகும், பூஞ்சை பட்ட எடத்துல அது ஏற்கனவே பாதி கரைஞ்சு கெடக்கும், அங்க ஈரத் துணி வச்சா படமே துணியோட வந்துரும். ஊறின நேரத்துல சூடு காட்டினா கண்ணாடில போய் ஒட்டிக்கும். அதுக்கு மேல கைக் கலர் வேற. தண்ணிக் கலரா இருந்தா தண்ணி பட்டதும் ஓடும், ஆயில் கலரா இருந்தா ஸ்பிரிட்ல கழண்டுரும், எது அடிச்சாங்கன்னு இப்ப யாருக்கும் தெரியாது. அதனால கண்ணாடிய எப்படி வேணா கழுவுங்க, படத்த எதாலயும் நனைக்காதீங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்துச் சொல்லுங்க. ரூம் லைட்ட அணைச்சுட்டு போன் டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க. புள்ளியோட நிழல் கொஞ்சம் தள்ளி படத்து மேல விழுந்தா புள்ளி கண்ணாடில இருக்கு, அது நல்ல செய்தி. நிழலே இல்லாம படத்தோட படமா கெடந்தா பூஞ்சை போட்டோ மேலயே இருக்கு. ரெண்டாவது, எங்கயாவது படம் மட்டும் ஈரம் பட்ட துணி மாதிரி கருத்து பளபளன்னு தெரியுதா பாருங்க, அந்த எடத்துல கண்ணாடில ஒட்டியிருக்குன்னு அர்த்தம்.

ஆவி மத்தியானம் போயிருதுன்னா அது வெறும் தண்ணிதான். போகாம எண்ணெப் படலமா நின்னா அது பின்னாடி வச்ச அட்டைல இருந்து வர்ற படிவு, அது வேற கதை.

டூல்பாக்ஸ்:
ஸ்பிரிட் சட்டுனு ஆவியாயிரும்ல, அதுல என்ன ஆகப் போகுது? சிலிக்கா ஜெல்லும் வேலை செய்யும், எங்க வீட்ல ஷூ ரேக்ல வச்சிருக்கேன்.

இருட்டறை:
ஆவியாகும், போறப்ப ரோஸ் கன்னத்தையும் எடுத்துட்டுப் போகும். ஜெல் சும்மா இல்ல, வேலை செய்யும்தான், ஆனா நிறைஞ்சுட்டா அப்புறம் சும்மா கெடக்கிற கல்லு, பிரேமுக்குள்ள சீல் பண்ணி வச்சா மாத்தவும் முடியாது. மரச்சட்டமும் பின் பலகையும் ஏற்கனவே குடிச்ச ஈரம் இருக்கே, அத உள்ள வச்சு மூடினா அதுவே பூஞ்சைக்கு வீடு. அப்புறம் கடைல கெடைக்கிற சாதா சிலிக்கான் காயும்போது ஒரு புளிச்ச வாசம் வரும் பாருங்க, அது அசிட்டிக் ஆசிட், போட்டோவோட அதப் போட்டு மூடக் கூடாது.

மயிலை மாமி:
எங்காத்து தஞ்சாவூர் படத்துலயும் இதே மாதிரி வெள்ளை வெள்ளையா வந்திருக்கு, கிருஷ்ணர் கால்கிட்ட. அதையும் டார்ச் அடிச்சுப் பாக்கலாமா? நான் பருத்தித் துணில லேசா ஈரம் பண்ணித் தொடச்சேன், கொஞ்சம் பொடி மாதிரி வந்தது.

இருட்டறை:
மாமி, டார்ச் அடிச்சுப் பாக்கலாம், தொடைக்கிறத மட்டும் நிறுத்துங்கோ. அதுல எழும்பி நிக்கிற வேலையெல்லாம் சுண்ணாம்புப் பொடியும் பசையும், தண்ணி பட்டா இளகும். கையில வந்த பொடி பூஞ்சையா சுண்ணாம்பான்னு நேர்ல பாக்காம சொல்ல முடியாது. கண்ணாடிய கழட்டாம படம் செய்றவாகிட்டயே காட்டிருங்கோ.

தோவாளைப்பூ:
டார்ச் அடிச்சுப் பாத்தேன். கீழ் ஓரத்துல இருக்கிற புள்ளி பெரும்பாலும் கண்ணாடில, நிழல் நல்லாத் தெரியுது. தாத்தா கால் பக்கம் கொஞ்சம் எடம் நிழல் இல்லாம இருக்கு. இடது கீழ் மூலைல அஞ்சு ரூபா காசு அளவுக்கு கருப்பா பளபளன்னு இருக்கு, நீங்க சொன்ன மாதிரி 😟

இருட்டறை:
பயப்படாதீங்க, ஆனா அந்த மூலைய இழுக்காதீங்க. நகத்தால, பிளேடால நெம்பவே கூடாது, ஜெலட்டின் கண்ணாடிலயே தங்கி வெறும் பேப்பர்தான் கைக்கு வரும். கழட்டுறதுக்கு முன்னாடி இப்பவே கண்ணாடியோட ஒரு நல்ல போட்டோ எடுத்து வைங்க, பிளாஷ் இல்லாம, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல வர்ற மாதிரி, எதிர்ல ஒரு கருப்புத் துணி புடிச்சா நம்ம மூஞ்சி அதுல தெரியாது.

அப்புறம் டேபிள்ல துண்டு விரிச்சு பிரேம குப்புறப் போடுங்க. பின்னாடி பழுப்புப் பேப்பர் ஒட்டியிருந்தா ஓரமா வெட்டி எடுங்க, ஆணிய சின்னக் குறடால நேரா இழுக்காம பக்கவாட்டுல சாய்ச்சு எடுங்க, ஹார்ட்போர்ட தூக்குங்க. போட்டோ போர்டோட வருதா கண்ணாடியோட நிக்குதான்னு பாத்து, எது எதோட நிக்குதோ அப்படியே விட்ருங்க. வெயில்ல வைக்காம நிழல்ல பேன் காத்து நேரா அடிக்காத எடத்துல காய விடுங்க. மாஸ்க் போட்டுக்கோங்க, என்-95 இருந்தா நல்லது, ஆஸ்துமா உள்ளவங்க பக்கத்துல வேண்டாம்.

தோவாளைப்பூ:
கழட்டிட்டேன். போட்டோ அந்த ஒரு மூலைல மட்டும் கண்ணாடியப் புடிச்சிருக்கு, மத்ததெல்லாம் லூசா இருக்கு. ஹார்ட்போர்டு கீழ்ப் பக்கம் ஒரு விரக்கடை உயரத்துக்கு கருத்து ஊறிப் போயிருக்கு, மேல எல்லாம் காஞ்சு இருக்கு. வாசம் தாங்கல.

டூல்பாக்ஸ்:
அப்ப செவரு ஈரம். பின்னாடி பாத்ரூமா?

தோவாளைப்பூ:
இல்லையே, பின்னாடி பெட்ரூம்.

இருட்டறை:
செவரானு கண்டுபிடிக்க பிரேம் இருந்த எடத்துல ஒரு பாலிதீன் ஷீட்ட நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ராத்திரி விடுங்க. காலைல ஷீட்டுக்குப் பின்னாடி, செவத்துப் பக்கம் முத்து முத்தா தண்ணி இருந்தா செவரு. முன்னாடி இருந்தா ரூம் காத்து. ஆனா கீழ் ஓரம் மட்டும் ஊறியிருக்குன்னு சொல்றீங்க, அதனால ஒரு கேள்வி: படத்துக்கு தினமும் மாலை போடுவீங்களா? தண்ணி தெளிச்ச பூவா?

தோவாளைப்பூ:
தினமும். பூ வாடாம இருக்க மாலை மேல ஆச்சி தண்ணி தெளிப்பாங்க. கண்ணாடில சந்தனம் குங்குமம் வைப்பாங்க, வெள்ளிக்கிழமை ஈரத் துணியால தொடச்சு திரும்ப வைப்பாங்க.

ஷீட் ஒட்டிப் பாத்துட்டேன், ரெண்டு பக்கமும் காஞ்சு இருக்கு.

இருட்டறை:
அப்ப விஷயம் தெரிஞ்சு போச்சு. கண்ணாடில வழியிற தண்ணி கீழ வந்து சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இருக்கிற இடுக்குல நிக்கும், அங்க இருந்து உள்பக்கம் ஏறும், பேப்பரும் ஹார்ட்போர்டும் திரி மாதிரி உறிஞ்சிக்கும். உங்க படத்துல கண்ணாடிக்கும் போட்டோவுக்கும் நடுவுல அட்டை பார்டர் இல்லேல்ல? ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு. அதான் மூலை ஒட்டிருச்சு.

இப்ப செய்ய வேண்டியது. படம் நல்லா காயட்டும், மழை நேரத்துல ரெண்டு மூணு நாள் கூட ஆகும். காஞ்ச பூஞ்சை பொடியா இருக்கும், ஈரமா இருந்தா பிரஷ் பட்டதும் இழுவும், இழுவினா நிறுத்திட்டு இன்னும் காய விடுங்க. மெத்துன்னு இருக்கிற வாட்டர் கலர் பிரஷ், புதுசு, மொட்டை மாடில நின்னு உள்ள இருந்து வெளிய ஒரே திசைல தட்டி விடுங்க, தேய்க்காதீங்க. பொடி போனாலும் அடில பழுப்புக் கறை தெரிஞ்சா அது ஜெலட்டினுக்குள்ள போனது, அது போகாது, அத நோண்டாதீங்க.

கண்ணாடி ஒட்டியிருக்கிறதால அத குழாய்க்குக் கொண்டு போக முடியாது. ஒட்டாத பக்கம் போட்டோவ தானா வளையுற அளவுக்கு மட்டும் தள்ளி, கண்ணாடில காட்டன்ல சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு நல்லா பிழிஞ்சுட்டு தொடைங்க, துளி கூட சொட்டக் கூடாது, ஒட்டின மூலைக்கு ரெண்டு விரல் முன்னாடியே நிறுத்திருங்க. சானிடைசர் வேண்டாம், அதுல கிளிசரின் இருந்தா படலம் நிக்கும்.

ரயிலடி:
எங்க அக்கா கல்யாண போட்டோ இப்படித்தான் கண்ணாடில ஒட்டிருந்தது, தண்ணி டிரேல கண்ணாடியோட முக்கி வச்சோம், தானா மெதந்து வந்துருச்சு. நீங்களும் முக்கிப் பாருங்க.

இருட்டறை:
அது லேப்ல மெஷின்ல போட்ட கலர் பிரின்டா இருக்கும், பிளாஸ்டிக் பூச்சு பேப்பர், பூஞ்சை இல்லாம இருந்தா சில சமயம் அப்படி வரும். இதுல பூஞ்சையும் இருக்கு கைக் கலரும் இருக்கு, முக்கினா தாத்தா டிரேல இருப்பாரு.

தோவாளைப்பூ:
அப்ப அந்த மூலைய என்ன பண்றது?

இருட்டறை:
வீட்ல ஒண்ணும் பண்ண முடியாது. கண்ணாடியோட அப்படியே வச்சு, படத்த ரீஸ்டோர் பண்றவங்ககிட்ட காட்டுங்க. சென்னை பக்கம் போனா எழும்பூர் அரசு மியூசியத்துல பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருக்கு, வெளியாளுக்கு யோசனை சொல்லுவாங்களான்னு கேட்டுப் பாருங்க. அது வரைக்கும் ஹார்ட்போர்ட தூக்கிப் போட்டுட்டு, பிளாஸ்டிக் கவர்ல போடாம பேப்பர்ல சுத்தி பீரோல படுக்க வைங்க. திவசத்துக்கு நீங்க எடுத்த போட்டோல இருந்து ஒரு காப்பி பிரின்ட் போடுங்க, நடுவுல ரெண்டு மில்லி அட்டை பார்டர் வச்சு, பின்னாடி கீழ் மூலைல ரெண்டு ரப்பர் பட்டன் ஒட்டி செவத்த விட்டு தள்ளி நிக்கிற மாதிரி.

டூல்பாக்ஸ்:
கண்ணாடிக்குப் பதிலா அக்ரிலிக் போட்டா?

இருட்டறை:
அக்ரிலிக்ல ஆவி கொஞ்சம் கம்மியா அடிக்கும், ஆனா குங்குமத்த தொடச்சுத் தொடச்சு கீறல் விழும். மாலை போடுற படத்துக்கு நான் கண்ணாடிதான் சொல்லுவேன்.

தோவாளைப்பூ:
காப்பிக்கு குடுத்துட்டேன் அண்ணா. பூஞ்சைய தட்டிட்டேன், கால் பக்கம் லேசா பழுப்பு நிக்குது, கண்ணாடி தெளிவா ஆயிருச்சு. பிரச்சினை இப்ப ஆச்சி. காப்பிக்கு மாலை போட மாட்டேங்கிறாங்க, அது அவரு இல்லையாம்.

மயிலை மாமி:
பிரேம்ல போடாம மேல தனியா ஒரு ஆணி அடிச்சு, மாலை கண்ணாடில படாம முன்னால தொங்குற மாதிரி போடச் சொல்லுங்கோ. தண்ணிய மாட்டுறதுக்கு முன்னாடியே தெளிச்சு உதறிட்டா போறது. எந்தப் படம்னு ஆச்சி தீர்மானிக்கட்டும்.

இருட்டறை:
மாமி சொன்னது சரி. சந்தனம் மட்டும் கண்ணாடில வேண்டாம், சட்டத்து மேல் கட்டைல வைக்கச் சொல்லிப் பாருங்க.