பின்னணி நீக்கமா, ஒப்பனைக் களைவா?

டியூஷன் ஆசிரியை, சுங்கை சிப்புட்:

வணக்கம். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் எஸ்பிஎம் எழுதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரவு வகுப்பு நடத்துகிறேன். உயிரியல் குறிப்பு ஒன்று பிடிஎப் கோப்பாக வந்தது, 24 பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கரும்பச்சை, அதன்மேல் இலை இலையாகப் படம். அச்சடித்தால் தாள் நனைந்த மாதிரி சுருண்டுகொள்கிறது, விரலில் பச்சை ஒட்டுகிறது. கறுப்பு வெள்ளையில் அடித்தும் பார்த்தேன். பச்சை சாம்பலாக மாறியதே தவிர மை மிஞ்சவில்லை.

பாடத்தை விட்டுவிட்டு அந்த இலைகளை மட்டும் எடுக்கும் வேலைக்குத் தமிழில் என்ன சொல்வது? மற்ற ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி எழுதப் போகிறேன். “பின்னணி நீக்கம்” போதுமா?

ஸ்டூடியோக்காரர், அதே ஊர்:

போதும் அம்மா. நாங்கள் தினமும் சொல்லும் சொல்தான். பாஸ்போர்ட் படத்தில் ஆளை வெட்டியெடுத்து வெள்ளைத் துணி முன்னால் நிற்கிற மாதிரி ஆக்குவோம். கோப்பை அனுப்புங்கள், பக்கத்துக்கு ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன்.

கல்லூரி மாணவர், ஈப்போ:

அண்ணன் சொல்வது புகைப்பட வேலை. இதற்கு ஒரே கட்டளை போதும்:

```
gs -o puthu.pdf -sDEVICE=pdfwrite -dFILTERIMAGE uyir.pdf
```

படங்கள் எல்லாம் போய்விடும். “மை சேமிப்பு” என்றே பெயர் வைக்கலாமே?

ஆசிரியை:

தம்பி, செய்து பார்த்தேன். இலைகள் போயின. கூடவே இதயத்தின் குறுக்குவெட்டுப் படமும் போய்விட்டது. அதற்காகத்தானே அந்தக் குறிப்பையே வைத்திருக்கிறேன்!

மென்பொருள் தமிழாக்குநர், கிள்ளான்:

தம்பி கொடுத்த கட்டளை எல்லாப் படத்தையும் ஒரே மாதிரி பார்க்கிறது. எது பாடம், எது அழகுக்கு என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையின் உயிர். பெயரும் அதைக் காட்ட வேண்டும். “மை சேமிப்பு” அச்சுப்பொறியில் ஏற்கெனவே வேறொன்றைக் குறிக்கிறது. அது எழுத்தையும் சேர்த்து மங்கலாக்கும்.

ஆசிரியை அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். முதலில் `pdfimages -list uyir.pdf`. வந்த பட்டியலில் object என்ற பத்தியைக் கவனியுங்கள். ஒரே எண் 24 பக்கத்திலும் திரும்பத் திரும்ப வந்தது. அதுதான் இலைப்படம். இதயத்தின் எண் ஒரே ஒரு பக்கத்தில் இருந்தது. அப்புறம்:

```
qpdf --qdf --object-streams=disable uyir.pdf thirantha.pdf
```

இப்போது உள்ளே படிக்க முடியும். ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் இப்படி ஒன்று இருந்தது:

```
q 960 0 0 540 0 0 cm /Image9 Do Q
```

பக்கத்தின் அளவும் 960க்கு 540. அதாவது பக்கம் முழுவதையும் மூடும் படம். அந்த வரியை நீக்கிவிட்டு `fix-qdf thirantha.pdf > puthu.pdf` என்று ஓட்டினேன். திருத்தும்போது நோட்பேட் வேண்டாம். படங்களின் பைட்டுகளைக் கெடுத்துவிடும். `Image9` என்ற பெயரும் எல்லாக் கோப்பிலும் இதுவாகவே இருக்காது, அந்தப் படத்துக்கு மேலே `%% Original object ID` என்று வரும் எண்ணைப் பட்டியலில் கண்ட எண்ணோடு ஒப்பிட்டுத்தான் நீக்க வேண்டும்.

பிடிஎப் தரம் இப்படிப் பாடத்தில் சேராததை `/Artifact` என்று தனியாகக் குறிக்க இடம் தருகிறது. இந்தக் கோப்பில் யாரும் குறிக்கவில்லை. நான் முன்வைக்கும் சொல் ஒப்பனைக் களைவு. தோட்டத்தில் களையெடுப்பவர் மரத்தில் கைவைப்பதில்லை, அந்தப் பொருள் சொல்லிலேயே இருக்கிறது.

ஸ்டூடியோக்காரர்:

அப்படியானால் “பின்னணி நீக்கம்” எங்களுக்கே இருக்கட்டும். ஒன்று கேட்கிறேன். ஒரு கல்யாண வீட்டார் ஸ்கேன் செய்த பழைய அழைப்பிதழைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் இந்தக் களைவு ஆகுமா?

தமிழாக்குநர்:

ஆகாது ஐயா. ஸ்கேனில் பக்கம் முழுவதும் ஒரே படம், எழுத்தும் பூவும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அங்கே உங்கள் கைவேலைதான்.

ஆசிரியை:

புதிய கோப்பு வந்தது, நன்றி. ஆனால் தலைப்புகளைக் காணவில்லை. பக்கம் வெறும் வெள்ளையாக இருக்கிறது, சுட்டியால் இழுத்தால் மட்டும் எழுத்து தெரிகிறது.

தமிழாக்குநர்:

மன்னியுங்கள், நான் பார்த்திருக்க வேண்டும். கரும்பச்சைமேல் வெள்ளை எழுத்து. பச்சை போனதும் வெள்ளைமேல் வெள்ளை. `thirantha.pdf`இல் அந்தத் தலைப்புகளுக்கு முன்னால் `1 g` இருக்கும் இடங்களை `0 g` ஆக்கினால் கறுப்பாகும். ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். 17ஆம் பக்க அட்டவணையில் நீலக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்து இருக்கிறது. அது கறுப்பானால் படிக்க முடியாது.

மாணவர்:

அப்படியானால் நிறம் மாற்றுவதும் ஒப்பனைக் களைவுக்குள் அடங்குமா, அதற்குத் தனிச்சொல் வேண்டுமா?

ஆசிரியை:

தனிச்சொல் வேண்டும் என்பேன். களைந்துவிட்டு இதை மறந்தால் வெற்றுத்தாள்தான் வரும், அதனால் வழிகாட்டியில் தனிப் படியாகவே எழுதுவேன். இன்னொரு தயக்கமும் உண்டு. கூத்தில் வேடம் போட்டவர்கள் “ஒப்பனை கலைத்தார்கள்” என்கிறோம். என் பிள்ளைகளுக்கு லகரமும் ளகரமும் ஏற்கெனவே தகராறு. “பின்புலக் களைவு” என்றால் அந்தக் குழப்பம் இராதே?

தமிழாக்குநர்:

மூலையில் ஒட்டியிருக்கும் பூவும் ஓரப்பட்டையும் பின்புலத்தில் இல்லையே. அவையும் மை குடிக்கின்றனவே. நான் ஒப்பனையிலேயே நிற்கிறேன். 17ஆம் பக்கத்தை முடித்துவிட்டு நாளை கோப்பை அனுப்புகிறேன், அடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.