'ரெஸ்ரிமோனியல்' என்பதற்கு உரக் கடையில் என்ன சொல்? (குழு மடல்கள்)

த.க., கிளிநொச்சி

குழுவினருக்கு வணக்கம். மண்புழு உரம் விற்கும் ஒரு சிறு சங்கத்துக்கு இணையத்தளம் செய்கிறேன். வியாழக்கிழமை ஒப்படைக்க வேண்டும். தமிழ்ச் சொற்கோப்பில் மூன்று வரிகள் இன்னும் வெறுமையாகக் கிடக்கின்றன:

```
"testimonials.heading": "",
"carousel.pause": "",
"result.note": ""
```

முதலாவது, உரம் வாங்கியவர்கள் சொன்னதைப் போடும் பகுதியின் தலைப்பு. அந்தக் கூற்றுகள் அட்டை அட்டையாகத் தாமே நகரும். அந்தக் கரோசலை நிறுத்தும் பொத்தானுக்கு இரண்டாவது. மூன்றாவது, விளைச்சல் பற்றிய சிறு குறிப்புக்கு. தலைப்புக்கு இப்போதைக்கு 'வாக்குமூலங்கள்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

ச.ம., வவுனியா

தம்பி, அந்தச் சொல்லை இன்றே எடுத்துவிடுங்கள். எங்கள் பக்கத்தில் வாக்குமூலம் என்றால் பொலிஸ் நிலையம். சாட்சியம் என்றால் ஆணைக்குழுவின் முன் காத்திருந்த நாட்கள். நற்சான்றிதழோ கிராம அலுவலரிடம் வாங்குவது. உரம் வாங்கிய மனிதரை இவற்றில் எதிலும் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். வகுப்பில் நான் 'சான்றுரை' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு விளங்கியது.

ந.இ., மன்னார்

ஆசிரியை அவர்கள் சான்றோடு நின்றுவிட்டார். சான்று, 'சால்' என்னும் வேரிலிருந்து வந்தது. சான்றோனும் சால்பும் அதன் உடன்பிறப்புகள். சாட்சியோ வடசொல். கண்டு சொல்பவனுக்குப் பழந்தமிழ் வைத்திருந்த பெயர் 'கரி'. 25ஆம் குறளில் 'இந்திரனே சாலுங் கரி' என்று வேரும் பெயரும் ஒரே அடியில் கைகோத்து நிற்கின்றன. ஆகவே 'கரியுரை' என்க. கரோசலுக்கும் வெளியே போக வேண்டியதில்லை. பனையோலையைக் கத்தரித்து ஈர்க்கில் குத்திக் காற்றுக்கு எதிரே ஓடினோமே, அந்தக் கறங்கோலையில் 'கறங்கு' இருக்கிறது. சுழற்சியையும் ஓசையையும் ஒருங்கே தரும் சொல். பொத்தானுக்குக் 'கறங்கு நிறுத்தி'.

ச.ம., வவுனியா

ஐயா, உரக் கடையில் கரியுரை என்று எழுதினால் அடுப்புக்கரி கலந்த உரம் என்றுதான் சனம் நினைக்கும்.

ப.ஜெ., மாங்குளம்

முப்பது வருடமாக அச்சகம் நடத்துகிறேன். மூன்றாவது வரிக்கு இத்தனை யோசனை எதற்கு? 'அனைவருக்கும் இதே பலன் கிடைக்காது' என்று அடியில் பொடி எழுத்தில் போட்டால் வேலை முடிந்தது. அனுமதியைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன்: கமக்காரர் தானே வாட்ஸப்பில் எழுதி அனுப்பினார் என்றால் அதுவே சம்மதம்.

வி.சு., முல்லைத்தீவு

ப.ஜெ. அண்ணா, குறிப்பு வேண்டும் என்பதில் உங்களோடு இருக்கிறேன். அந்த வாசகம் போதாது. த.க., முதலில் அட்டையில் இருக்கும் கூற்றை அப்படியே அனுப்புங்கள். பொருளைப் பார்க்காமல் பெயர் வைக்க முடியாது.

த.க., கிளிநொச்சி

கைப்பேசியில் அட்டை இப்படித் தெரிகிறது: 'கச்சான் இரட்டிப்பாக விளைந்தது…'

அவர் அனுப்பியது: 'கச்சான் இரட்டிப்பாக விளைந்தது. ஆனால் போன முறை பிடுங்குகிற நேரத்து மழையில் பாதி நிலத்துக்குள்ளேயே முளைத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.' அட்டையில் இடம் குறைவு. மென்பொருள் தானாகவே மூன்று புள்ளி போட்டு வெட்டிவிடுகிறது. இதைப் பார்த்தபின் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். போன காலபோகத்தில் 4 மூட்டை, இம்முறை 8. அதற்கு முந்திய வருடம், இந்த உரம் இல்லாமலே, 7.

வி.சு., முல்லைத்தீவு

பார்த்தீர்களா, கமக்காரர் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார். பொய் சொன்னது அந்த மூன்று புள்ளி. 4ஐ 8ஓடு ஒப்பிட்டால் இரட்டிப்பு. 7ஓடு ஒப்பிட்டால் ஒரு மூட்டை கூட, அதுவும் மழை ஒத்துழைத்ததாலா உரத்தாலா என்று பிரிக்க முடியாது.

பொடி எழுத்து வாசகத்தின் குறை இதுதான்: 'இதே பலன் கிடைக்காது' என்று சொல்லிவிட்டு எந்தப் பலன் கிடைக்கும் என்று சொல்லாமல் நழுவுகிறது. வாசிப்பவர் இரட்டிப்பைத்தான் மனதில் கொண்டுபோவார். அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2009இல் தன் விளம்பர வழிகாட்டலைத் திருத்தியபோது அந்த ஒற்றை வாசகத்தின் நிழலில் ஒதுங்க முடியாது என்று ஆக்கியது. பொதுவாக எதிர்பார்க்கக்கூடியதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது நம்மைக் கட்டாதுதான். ஆனாலும் வாங்குபவரைத் தவறாக வழிநடத்தக் கூடாது என்று நம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்திலும் இருக்கிறது.

ஆகவே வாங்கிய எல்லோரையும் கேளுங்கள். கேட்டதைக் குறிப்பாக எழுதி, கூற்று இருக்கும் அதே அட்டையில் அதே அளவு எழுத்தில் வையுங்கள். ஐந்தாவது அட்டையில் வைத்த குறிப்பை யார் காத்திருந்து வாசிப்பார்கள்? அட்டைகள் தாமாக நகரவும் வேண்டாம். 5 விநாடிக்கு மேல் தானே நகர்வதை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் நியதி. மெதுவாக வாசிப்பவருக்கு நிறுத்துவதை விட நகராமல் இருப்பதே நல்லது.

சொல்: 'வழமையான பலன்'.

கு.ர., புதுக்குடியிருப்பு

நான் சொல் ஆக்கத் தெரிந்தவள் அல்ல. சம்மதம் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். மீள்குடியேறிய புதிதில் தையல் இயந்திரம் தந்தவர்கள் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. இயந்திரம் கிடைத்ததற்கான கையெழுத்து என்று நினைத்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு கையேட்டின் அட்டையில் என் படம். கீழே 'என் வாழ்வே மாறிவிட்டது' என்று நான் சொன்னதாக ஒரு வசனம். நான் சொன்னது, நூல் விலை கட்டவில்லை என்று.

வி.சு., முல்லைத்தீவு

அக்கா, இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. கமக்காரர் சங்கத்துக்கு எழுதியது சங்கத்துக்குச் சொன்ன செய்தி. ஊருக்குச் சொல்லச் சம்மதித்தாரா என்பது வேறு கேள்வி. த.க., அவர் கையில் அட்டையின் படத்தைக் கொடுத்துக் கேளுங்கள்: இந்த வசனம், இந்தப் படம், பெயர் முழுதாகவா ஊர் மட்டுமா, தளத்தில் மட்டுமா வீதிப் பதாகையிலுமா, எவ்வளவு காலம். வேண்டாம் என்று பிறகு சொன்னால் யாருக்குச் சொல்வது என்பதும் அதே தாளில், தமிழில் இருக்கட்டும். சம்மதத்தை மீளப்பெறும் உரிமை 2022ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

ந.இ., மன்னார்

'சம்மதம்' வடசொல். 'இசைவு' இருக்கிறது.

கு.ர., புதுக்குடியிருப்பு

ஐயா, அன்று என்னிடம் சம்மதமா என்று கேட்டிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். இசைவா என்று கேட்டிருந்தால் அதற்கும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

த.க., கிளிநொச்சி

வாங்கிய 11 பேரையும் தொலைபேசியில் பிடித்தேன். 4 பேர் ஒன்றிரண்டு மூட்டை கூட என்றார்கள், கச்சான்காரரையும் சேர்த்து. 5 பேர் வித்தியாசம் இல்லை என்றார்கள். 2 பேர் எழுதி வைக்கவில்லை. சங்கத் தலைவருக்கு முகம் கறுத்தது. 'அப்படிப் போட்டால் யார் வாங்குவார்கள்?' என்றார். வித்தியாசம் இல்லை என்ற ஐவரில் ஒருவர் 'மண் இளகியிருக்கிறது, கொத்துவது சுகம்' என்றார். அதையும் ஓர் அட்டையாக்கலாம் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

தலைப்புக்கு 'வாங்கியவர்கள் சொல்வது' என்று போடுகிறேன். ஆசிரியையின் சான்றுரை கோப்பின் உள்ளே குறிப்பாக இருக்கும். மூன்றாவது 'வழமையான பலன்'. அட்டைகள் தாமாக நகராது, கையால் தள்ள வேண்டும். ஆகவே நிறுத்தும் பொத்தானுக்குச் சொல் தேவையில்லை.

ச.ம., வவுனியா

சொல் கேட்ட இடத்தில் வசனமா? களைத்துவிட்டேன், சரி.

ப.ஜெ., மாங்குளம்

ஒரு அட்டைக்குள் அத்தனை எழுத்தும் அடங்காது. பிறகு என்னிடம் வராதீர்கள்.

ந.இ., மன்னார்

பொருள் சுழலவில்லை என்பதற்காகச் சொல்லைப் புதைக்கக் கூடாது. நாளை சுழலும் ஒன்று வரும். கறங்கு என் எதிர்ப்போடு பதிவாகட்டும்.

த.க., கிளிநொச்சி

பதிந்துவிட்டேன், ஐயா. கச்சான்காரர் சனிக்கிழமைதான் சந்தைக்கு வருகிறார். அதுவரை அவருடைய அட்டை தளத்தில் இல்லை. வியாழக்கிழமை இரண்டு அட்டைகளோடு ஒப்படைக்கிறேன்.