CaCl2-க்கு பார்ன்-ஹேபர் சுற்று: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

டியூஷன்_மாமா
பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். பார்ன்-ஹேபர் சுற்றில் NaCl-ஐ எல்லாரும் ஒப்பித்துவிடுகிறார்கள், CaCl2 கொடுத்தால்தான் கதை தெரியும். படிகக்கூடு ஆற்றலுக்குச் சரியான விடை −2253 கி.ஜூ/மோல் என்றால் பேப்பரில் −2602 வருகிறது, −2132 வருகிறது, ஒரு பையன் −2495 என்று எழுதியிருந்தான். இப்போதெல்லாம் விடையைப் பார்த்தாலே எந்தப் படியில் சறுக்கினான் என்று சொல்லிவிடலாம். −2602 என்றால் குளோரினின் எலக்ட்ரான் நாட்டத்தை ஒரே தடவை போட்டிருக்கிறான். −2132 என்றால் NaCl பழக்கத்தில் Cl2 பிணைப்பைப் பாதியாக்கி 121 எடுத்திருக்கிறான். −2495 என்றால் நேர்மாறு: 242 ஏற்கனவே இரண்டு குளோரின் அணுவுக்கும் சேர்த்துத்தான், அதை மறுபடி இரண்டால் பெருக்கியிருக்கிறான். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

லேப்_கோட்
நான் கல்லூரியில் ஆய்வக வகுப்பு எடுப்பவள். சூத்திரத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, உயரம் போட்டு வரையச் சொல்வேன். Ca(s) + Cl2(g) இருக்கும் கோடுதான் பூஜ்யம், அதைப் பக்கத்தின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே போட வேண்டும். ஏனென்றால் மேலே நிறைய ஏறப்போகிறோம், கீழேயும் இடம் வேண்டும். கால்சியத்தை வாயுவாக்க 178, முதல் எலக்ட்ரானைப் பிடுங்க 590, இரண்டாவதற்கு 1145, Cl2-ஐ உடைக்க 242. ஏறி நின்றால் 2155. அங்கிருந்து இரண்டு குளோரினும் எலக்ட்ரானை வாங்கும்போது 698 இறக்கம், 1457-இல் நிற்கிறோம். திண்மம் இருப்பதோ பூஜ்யத்துக்குக் கீழே −796-இல். 1457-இல் இருந்து −796 வரை விழுகிற தூரம்தான் படிகக்கூடு ஆற்றல், 2253. இப்படி வரைந்தவர்கள் குறியில் தடுமாறி நான் அதிகம் பார்த்ததில்லை. ஒவ்வொரு கோட்டிலும் எல்லாத் துகளையும் எழுதச் சொல்வேன், எலக்ட்ரான் உட்பட. அதை விட்டால்தான் எலக்ட்ரான் நாட்டத்தில் அந்த இரண்டு காணாமல் போகிறது.

சேலம்_செல்வம்
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்பில் சால்ட் பாத் பார்ப்பவன். சாதாரண உப்பு 801 டிகிரியில் உருகும். அப்போ உப்புக்குப் படிகக்கூடு ஆற்றல் என்று சொல்கிற 787 கி.ஜூ அதை உருக்கத் தேவையான சூடா? அவ்வளவு கரண்ட் எங்களுக்கு ஆவதில்லையே.

லேப்_கோட்
இல்லை அண்ணா, உருக்க மோலுக்கு 28 கி.ஜூ போல இருந்தால் போதும். உருகினாலும் அயனிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டுதான் கிடக்கின்றன. 787 என்பது ஒவ்வோர் அயனியையும் தனித்தனி வாயுவாக வெகுதூரம் பிரித்துவிடுவதற்கு. உங்கள் பாத்தில் அது நடப்பதில்லை.

நீட்_2ndஅட்டெம்ப்ட்
எனக்குச் சொல்லித் தந்த ஷார்ட்கட்: அயனியாக்கம் என்றால் அம்பு மேலே, எலக்ட்ரான் நாட்டம் என்றால் அம்பு கீழே. கண்ணை மூடிக்கொண்டு போடலாம், இதுவரை கைவிட்டதில்லை.

டியூஷன்_மாமா
ஹாலைடு வரை கைவிடாது தம்பி. MgO வந்தால் மாட்டிக்கொள்வாய். ஆக்சிஜன் முதல் எலக்ட்ரானை வாங்கும்போது 141 இறங்கும். ஏற்கனவே எதிர்மின்சுமையோடு இருக்கிற O−-க்குள் இன்னொன்றைத் திணிக்க வேண்டுமே, அதற்கு ஏறக்குறைய 798 மேலே ஏற வேண்டும். கீழே அம்பு போட்டால் சுமார் −3845 வர வேண்டிய இடத்தில் −2249 வரும். CaCl2-உம் MgO-உம் ஏறத்தாழ ஒன்று என்று விடை வந்தாலே சந்தேகப்பட வேண்டாமா? MgO-வில் இரு பக்கமும் இரட்டை மின்சுமை, அயனிகளும் சின்னவை.

பழைய_பிஎச்டி
அந்த 798-ஐப் பற்றி ஒரு வார்த்தை. சில புத்தகங்களில் 744 இருக்கும், சிலவற்றில் 844. பிள்ளைகள் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். வாயுவில் O²⁻ தனியாக நிலைக்காது, எலக்ட்ரானைத் துப்பிவிடும், அதனால் நேரடியாக அளக்க வழியில்லை. அயனி மாதிரியை வைத்துப் படிகக்கூடு ஆற்றலைக் கணக்கிட்டு, அதை இதே சுற்றில் போட்டுப் பின்னோக்கி எடுத்த எண் அது. அதையே திரும்பப் போட்டு MgO-வின் படிகக்கூடு ஆற்றலை "கண்டுபிடித்தோம்" என்பது எனக்குக் கொஞ்சம் நெருடும். CaCl2-இல் அந்தச் சிக்கல் இல்லை, எல்லாப் படியும் தனித்தனியாக அளந்தவை.

லேப்_கோட்
சார், ஒன்றுக்கு மேற்பட்ட ஆக்சைடுகளில் இருந்து எடுத்தால் ஏறக்குறைய ஒரே எண் வருகிறது என்பதால்தானே அதை நம்புகிறார்கள்? முழுக்க வட்டமடிப்பது என்று சொல்ல முடியுமா?

பழைய_பிஎச்டி
ஏறக்குறைய என்பதில்தான் சண்டையே. அயனித் தன்மை குறையும் ஆக்சைடுக்குப் போனால் மாதிரியே ஆட்டம் காணும்.

நீட்_2ndஅட்டெம்ப்ட்
அதெல்லாம் இருக்கட்டும் சார். NCERT-இல் NaCl-க்கு +788 என்று இருக்கிறது, நீங்கள் எல்லாரும் மைனஸ் போடுகிறீர்கள். ஆப்ஷனில் இரண்டும் இருந்தால் எதை டிக் அடிப்பது?

டியூஷன்_மாமா
கேள்வியில் அம்பு எந்தப் பக்கம் என்று பார். திண்மம் அயனிகளாகப் பிரிகிறது என்றால் பிளஸ், அயனிகள் சேர்கின்றன என்றால் மைனஸ். அம்பே கொடுக்காமல் கேட்டால் உன் பாடப்புத்தகம் சொல்வதைப் போடு. வேறு வழி தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.