கோகோபீட் கலவை ஈரமாக இருந்தும் தக்காளி வாடுகிறது: பெர்லைட் சேர்த்தால் போதுமா?

கோவை மாடித்தோட்டம்: மண்ணில்லாமல் கோகோபீட்டையும் வெர்மிகுலைட்டையும் சம அளவில் கலந்து, பைகளில் அரை அடி உயரத்திற்கு நிரப்பித் தக்காளி நட்டுள்ளேன். சொட்டுக்குழாய் வழியாகக் காலையும் மாலையும் உரநீர் செல்கிறது. கலவை எப்போதும் ஈரமாக இருந்தும் நண்பகலில் செடிகள் தொங்கிவிடுகின்றன, அடிவேர்கள் பழுப்பாகிப்போயிருக்கின்றன. பத்தில் ஒரு பங்கு பெர்லைட் கலந்தால் சரியாகுமா?

செல்வி: நீர் தேங்குவதுதான் காரணம். பையின் அடியில் இரண்டு அங்குலம் கூழாங்கல் போடுங்கள், வடிந்துவிடும்.

நாற்றங்கால் முத்து: தேக்கம் என்பது சரி, கூழாங்கல் தீர்வாகாது. நுண்ணிய துளைகளில் பிடிபட்ட நீர், மேலே உள்ள கலவை நிறைந்து வழியும்வரை கற்களின் அகன்ற இடைவெளிக்குள் இறங்காது. ஆகவே ஈர அடுக்கு இரண்டு அங்குலம் மேலே ஏறி வேருக்கு இன்னும் நெருங்கும். முதலில் அளந்து பாருங்கள். அடியில் துளையிட்ட வாளியின் துளைகளை அடைத்து, நனைந்த கலவையைப் 10 லிட்டர் அளவுக்கு நிரப்பி, மேற்பரப்பு பளபளக்கும்வரை மெதுவாக நீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் துளைகளைத் திறந்து வடியும் நீரைப் பிடியுங்கள். வடிந்த நீரின் அளவே காற்று நிற்கக்கூடிய இடத்தின் அளவு.

ரகு: நான் கத்தரி நாற்றுக்கு வெர்மிகுலைட் மட்டுமே பயன்படுத்துகிறேன், ஒரு குறையும் இல்லையே?

கோவை மாடித்தோட்டம்: 600 மில்லி வடிந்தது.

நாற்றங்கால் முத்து: அப்படியென்றால் 6 சதவீதம்தான், தக்காளிக்கு 15 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. வெர்மிகுலைட் தன் ஏடுகளுக்கிடையே நீரைப் பிடித்துவைக்கும், ஈரத்தில் அழுத்தினால் நசுங்கி இடைவெளியை இழக்கும். சில வாரங்களே நிற்கும் நாற்றுக்கு அது பொருந்தும் என்பதால் ரகுவின் அனுபவமும் பொய்யல்ல. பெர்லைட் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் நீரைத் தாங்கும்; ஆனால் பத்தில் ஒரு பங்கு மட்டும் சேர்த்தால் கோகோபீட்டின் தூள் மணிகளைச் சூழ்ந்து அடைத்துவிடும், காற்று நிற்கும் இடம் அதிகரிக்காது. நாரும் சில்லுகளும் கலந்த பருமனான கோகோபீட் இரண்டு பங்கு, பெரிய மணி பெர்லைட் ஒரு பங்கு என்று கலந்து, மறுபடி அளந்து பாருங்கள். பெர்லைட்டை நனைத்த பிறகே கொட்டுங்கள், அதன் தூசி மூக்கைப் படுத்தும். பையை ஓரடிக்கு நிரப்புங்கள்: அடியில் நிற்கும் ஈர அடுக்கின் உயரம் கலவையைப் பொறுத்தது, பை உயர்ந்தாலும் அது மாறாது, எனவே மேலே காற்றோட்டமுள்ள பகுதி கூடும்.

ரகு: வெயில் காலத்தில் அது காய்ந்துவிடாதா?

நாற்றங்கால் முத்து: காயும். ஒரே தடவை அதிகமாக விடாமல், பகலில் பல தடவை சிறிது சிறிதாக விட வேண்டும். மின்தடை அடிக்கடி வரும் இடமாக இருந்தால் பெர்லைட்டின் பங்கைக் குறைக்கலாம்.

கோவை மாடித்தோட்டம்: காய் பிடித்திருக்கும் செடிகளை இப்போது மாற்றலாமா?

செல்வி: மாற்றிவிடுங்கள், வேர் அழுகிய பின் என்ன காத்திருப்பது?

நாற்றங்கால் முத்து: நான் மாற்றமாட்டேன். வேர் கலைந்தால் காய் உதிரும். மாலைப் பாசனத்தை நிறுத்திவிட்டுப் புது வெள்ளை வேர் வருகிறதா என்று பார்ப்பேன்.

கோவை மாடித்தோட்டம்: இரண்டு செடிகளை மட்டும் மாற்றிப் பார்க்கிறேன், மற்றவற்றுக்கு மாலை நீரை நிறுத்துகிறேன்.