முன்னாள் சக பணியாளருக்கான பரிந்துரை: குறையை எப்படி எழுதுவது?

அனைவருக்கும் வணக்கம். கணக்குப் பிரிவில் என்னிடம் இரண்டரை ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் வேறொரு நிறுவனத்தில் குழுத் தலைவர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறார். அந்நிறுவனம் என்னிடம் எழுத்துமூலம் கருத்துக் கேட்டிருக்கிறது.

“கடின உழைப்பாளி, நேர்மையானவர்” என்று முதலில் எழுதியதை நானே அடித்துவிட்டேன். அது யாருக்கும் பொருந்தும். அதற்குப் பதிலாக, மாதாந்திர வங்கிக் கணக்குச் சரிபார்ப்பை அவர் ஏற்றபோது அதற்கு ஆறு நாட்கள் பிடித்தன என்றும், நிலுவைப் பட்டியலை அவர் அன்றாடம் புதுப்பிக்கத் தொடங்கிய பிறகு மூன்று நாட்களில் முடிந்தது என்றும், நான் நேரில் கண்டதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

சிக்கல் அடுத்த பத்தியில்தான். வேலை தேங்கினால் அவர் முன்கூட்டியே சொல்லமாட்டார். ஒருமுறை 40 கொள்முதல் பில்கள் பதிவாகாமல் கிடந்தது ஜிஎஸ்டி தாக்கலுக்கு முந்தைய நாள் மாலைதான் எனக்குத் தெரிந்தது. அதைப் பற்றிப் பேசிய பிறகு வாராந்திர நிலவரம் அனுப்பினார், ஆனால் நினைவூட்டினால்தான். மேலும், அவர் ஒரு குழுவை நடத்தி நான் பார்த்ததில்லை.

இச்சம்பவத்தை அதன்பின் வந்த மாற்றத்தோடு சேர்த்து எழுதலாமா, அல்லது “நிலவரத்தைத் தவறாமல் கேட்டு வாங்கும் மேலாளரிடம் சிறப்பாகச் செயல்படுவார்” என்பது போதுமா? அனுப்பும் முன் அவரிடம் காட்டுவது முறையா? மனிதவளத் துறையில் இருப்பவர்கள், இத்தகைய வரியை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.